மீன் கிடைக்கும் முன்பே நிறுத்துவோம்

(காலைச் செபத்தைத் தொடங்குவோருக்கு ஒரு வானொலி மறையுரை)



கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை நம் கடற்கரையில் எந்தக் குப்பத்துக்குப் போனாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். கடலிலிருந்து திரும்பியவர்கள் மணலில் உட்கார்ந்து வலையை மடிமேல் இழுத்துப் போட்டுக் கண்ணி கண்ணியாகப் பார்த்துக்கொண்டு வருவார்கள். கை மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். எங்கேயாவது ஒரு கண்ணி அறுந்திருந்தால் கண்ணுக்கு முன்னே விரலுக்குத் தெரிந்துவிடும். கை அங்கே நிற்கும். ஊசியும் நூலும் அங்கேதான் வேலை செய்யும். அந்த இடம் சரியாகும் வரை அடுத்த கண்ணிக்குக் கை போகாது.

திருவிவிலியத்தை வைத்துச் செபிக்கும் பழைய முறை ஒன்று திருச்சபையில் உண்டு. இலத்தீனில் அதை ‘லெக்சியோ திவினா’ என்பார்கள். தமிழில் தெய்வீக வாசிப்பு என்றும், இறைவார்த்தைத் தியான வாசிப்பு என்றும் சொல்கிறோம். பெயர் பெரிதாக இருந்தாலும் செய்கிற வேலை வலை பார்க்கிற வேலைதான். சிறிய பகுதி ஒன்றை எடுத்து மெதுவாக வாசிக்கிறோம். மனம் எங்கே தட்டுகிறதோ அங்கே நிற்கிறோம். அதைத் தாண்டி ஓடுவதில்லை. இன்று அதை ஒரே ஒரு பகுதியை வைத்துச் செய்து பார்ப்போம். லூக்கா நற்செய்தி ஐந்தாம் அதிகாரம், ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வசனங்கள். விவிலியம் அருகில் இருந்தால் எடுத்துத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நாம் இங்கே நம்முடைய சொற்களில் சொல்லுவோம். நாளைக் காலையில் நீங்கள் விவிலியத்தின் சொற்களிலேயே வாசிக்க வேண்டும்.

இந்த முறையை நான்கு படிகளாக எழுதி வைத்தவர் கீகோ என்ற கார்த்தூசியத் துறவி. பிரான்சு நாட்டின் மலைகளில் உள்ள பெரிய கார்த்தூசிய மடத்தின் தலைவராகப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இருந்தவர். ஜெர்வாஸ் என்ற சகோதரருக்கு அவர் எழுதிய ஒரு கடிதத்தில் துறவியருக்கான ஏணி ஒன்றைக் காட்டினார். வாசிப்பு, தியானம், செபம், இறைவனில் அமைதல் என்பவை அதன் நான்கு படிகள். இதை அவர் சாப்பாட்டோடு ஒப்பிட்டார். வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் மெல்லுகிறது, செபம் சுவையைத் தேடுகிறது, நான்காவது படியில் கிடைப்பது அந்த இனிமையே. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010-ஆம் ஆண்டு இறைவார்த்தையைப் பற்றி எழுதிய திருத்தூது ஊக்க உரையில் இதே படிகளை விளக்கிவிட்டு, வாசிப்பு நம் வாழ்வில் ஒரு செயலாக மாறும்வரை முடிந்துவிடவில்லை என்று சேர்த்துச் சொன்னார்.

நான்கு படிகளும் வேண்டிய நேரமும் எவ்வளவு? தொடங்குகிறவர்களுக்கு இருபது நிமிடம் போதும். ஐந்து அல்லது ஆறு வசனம் போதும். முதல் இரண்டு நிமிடம் அமைதியாக உட்கார்ந்து தூய ஆவியாரை அழைக்கிறோம். ஐந்து நிமிடம் வாசிப்பு, ஆறு நிமிடம் தியானம், நான்கு நிமிடம் செபம், கடைசி மூன்று நிமிடம் ஒன்றும் பேசாமல் இருப்பது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும் என்று இல்லை. வாசிப்பிலேயே இருபது நிமிடமும் போய்விடாமல் இருக்கத்தான் இந்தக் கணக்கு.

இப்போது வாசிப்போம். முதல் தடவை வாய்விட்டு, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிற அளவில் வாசிக்க வேண்டும். பழைய துறவியர் அப்படித்தான் வாசித்தார்கள். புனித பெனடிக்ட் தம் மடத்து ஒழுங்கில், மதிய உணவுக்குப் பின் ஓய்வு நேரத்தில் வாசிக்க விரும்புகிறவர் மற்றவர்களுக்குத் தொந்தரவு தராமல் வாசிக்கட்டும் என்று குறிப்பிட வேண்டியிருந்தது. வாசிப்பு என்றாலே அங்கே உதடு அசைவதும் குரல் கேட்பதும்தான். வாய்விட்டு வாசிக்கும்போது கண் வரியைத் தாண்டி ஓட முடியாது. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வேண்டியிருக்கிறது. எழுத்து வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பேரப்பிள்ளை வாசிக்க அவர்கள் கேட்கட்டும். அதுவும் முழுமையான வாசிப்பே.

பகுதி இதுதான். கெனசரேத்து ஏரிக்கரை. மக்கள் கூட்டம் இயேசுவை நெருக்குகிறது. கரையோரம் இரண்டு படகுகள் நிற்கின்றன. மீனவர்கள் அவற்றை விட்டிறங்கி வலைகளைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். இயேசு ஒரு படகில் ஏறுகிறார். அது சீமோனுடைய படகு. கரையிலிருந்து கொஞ்சம் தள்ளும்படி அவரைக் கேட்டு, அதில் அமர்ந்து கூட்டத்துக்குப் போதிக்கிறார். பேசி முடித்தபின், ஆழமான இடத்துக்குப் போய் வலை போடச் சொல்கிறார். இரவெல்லாம் பாடுபட்டும் ஒன்றும் அகப்படவில்லை என்கிறார் சீமோன். ஆனாலும் உம் சொல்லை நம்பிப் போடுகிறேன் என்கிறார்.

இங்கே நிறுத்துகிறோம். ஆறாம் வசனத்துக்குப் போவதில்லை.

ஏன் நிறுத்த வேண்டும்? ஆறாம் வசனத்தில் வலை கிழியும் அளவுக்கு மீன் வருகிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். மறைக்கல்வி வகுப்பிலிருந்தே தெரியும். அது தெரிந்திருப்பதுதான் சிக்கல். முடிவு தெரிந்த கதையின் தொடக்கத்தை யாரும் கவனித்துக் கேட்பதில்லை. வெறும் வலையை நாம் பார்ப்பதற்குள் நிறைந்த வலை வந்து அதை மறைத்துவிடுகிறது. சீமோனுக்கோ அந்த நேரத்தில் ஆறாம் வசனம் தெரியாது. மீன்பாடு இல்லாமல் திரும்பிய காலையில், கடலையே பார்க்கப் பிடிக்காமல் இருக்கிற மனிதருக்குத் தெரிந்தது ஐந்தாம் வசனம் வரைதான். நம்மில் பலருடைய காலையும் ஐந்தாம் வசனத்தில்தான் விடிகிறது. அங்கேயே உட்கார்ந்தால்தான் இந்தப் பகுதி நம்மோடு பேசும்.

இரண்டாவது தடவை இன்னும் மெதுவாக வாசிப்போம். இப்போது கண்ணி கண்ணியாகப் பார்க்கிறோம். முதல் கண்ணி, வலை கழுவுவது. அந்தக் காலத்து வலை நைலான் வலை அல்ல, ஆளிநாரால் ஆனது. கழுவிக் காயவைக்காவிட்டால் இற்றுப்போகும். வலை கழுவுகிறார்கள் என்றால் அன்றைய தொழில் முடிந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு மறுபடியும் வலை போடச் சொன்னால், மறுபடியும் கழுவ வேண்டும். இயேசு கேட்டதற்கு இந்த விலையும் உண்டு. வேகமாக வாசிக்கிறவருக்கு இது கண்ணில் படாது.

அடுத்த கண்ணி, ‘கொஞ்சம்’ என்கிற சொல். இயேசு எடுத்த எடுப்பில் ஆழத்துக்குப் போகச் சொல்லவில்லை. முதலில் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளச் சொன்னார். சீமோன் அதைச் செய்தார். இரவு முழுவதும் கண் விழித்தவர், தம் படகிலேயே உட்கார்ந்து நெடுநேரம் பேச்சைக் கேட்டார். அதற்கு அப்புறம்தான் ஆழம். சிறிய கேள்விக்கு இடம் கொடுத்தவரிடம் பெரிய கேள்வி வருகிறது.

மூன்றாவது கண்ணி, சீமோனின் பதிலில் இருக்கிறது. பாடுபட்டதைச் சொல்லும்போது ‘நாங்கள்’ என்கிறார். வலை போடுவதைச் சொல்லும்போது அந்த ‘நாங்கள்’ இல்லை. ‘நான் போடுகிறேன்’ என்று ஒருமையில் முடிக்கிறார். தோல்வி எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. நம்பிக்கையை மட்டும் ஒருவர் தம் தலையில் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த மூன்றையும் ஒரே காலையில் எடுத்துக்கொள்ளக் கூடாது. நாம் இங்கே மூன்றைக் காட்டியது, ஐந்து வசனத்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டத்தான். நாளைக் காலையில் உங்கள் விரல் தட்டுவது வேறு ஓர் இடமாக இருக்கலாம். கூட்டத்தின் நெருக்கடியாக இருக்கலாம், ஆளில்லாமல் நிற்கிற படகாக இருக்கலாம். எது தட்டுகிறதோ அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் தட்டவில்லை என்றால் மூன்றாவது தடவை வாசியுங்கள்.

இரண்டாவது படியாகிய தியானத்தில், அந்தச் சொல்லை மாடு அசைபோடுவது போல மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அது நம் வாழ்வில் எதைத் தொடுகிறது என்று பார்க்கிறோம். மீன் விற்கிற ஒரு தாயை நினைத்துக்கொள்வோம். விடியற்காலையில் கரையில் ஏலம் எடுத்து, கூடையைச் சுமந்து தெருத்தெருவாகப் போகிறவர். அவரை ‘வலை கழுவுவது’ என்ற சொல் நிறுத்துகிறது. நேற்று பாதிக் கூடை விற்கவில்லை. கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பேசாமல் படுத்துவிட்டார். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. அவருடைய தியானம் இதுதான்: இயேசு ஏறியது காலியான படகில், நான் கழுவிக் கவிழ்த்த கூடையின் பக்கத்திலும் அவர் நிற்கிறாரா? இதற்கு அவர் உடனே பதில் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கேள்வியை வைத்துக்கொண்டு இருந்தால் போதும்.

மூன்றாவது படி செபம். இதுவரை சொல் நம்மிடம் பேசியது. இப்போது நாம் கடவுளிடம் பேசுகிறோம். தியானத்தில் ‘அவர்’ என்று நினைத்துக்கொண்டிருந்தவரை ‘நீர்’ என்று அழைக்கத் தொடங்குகிற இடம்தான் செபத்தின் தொடக்கம். அழகான சொற்கள் தேவையில்லை. சீமோன் செபித்ததைக் கவனியுங்கள். முதலில் முறையிட்டார், ஒன்றும் கிடைக்கவில்லை என்றார். அந்தத் தாயும் அப்படியே சொல்லலாம்: “ஆண்டவரே, நேற்று விற்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இன்றைக்கும் கூடையைத் தூக்குகிறேன், நீர் கூட வாரும்.” இவ்வளவுதான். முறையீட்டை விழுங்கிவிட்டு நேராகப் புகழ்ச்சிக்குப் போக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. விவிலியத்தின் திருப்பாடல்களில் பல, முறையீட்டில்தான் தொடங்குகின்றன.

நான்காவது படியில் பேச்சு நிற்கிறது. விவிலியம் மடியில் இருக்கிறது, நாம் சும்மா இருக்கிறோம். இதை நாமாக வரவழைக்க முடியாது என்று கீகோவும் எழுதினார். முதல் மூன்று படிகளில் நம் முயற்சி இருக்கிறது, நான்காவது கொடை. மூன்று நிமிடம் ஒதுக்கி வைப்பது நம் வேலை. அந்த மூன்று நிமிடத்தில் மனம் எங்கேயாவது போனால், எடுத்து வைத்த அந்த ஒரு சொல்லை ஒருமுறை சொல்லித் திரும்பி வரலாம். பிறகு எழுந்து வேலைக்குப் போகிறோம்.

அந்தச் சொல் நம்மோடு வருகிறது. செங்கல்பட்டிலிருந்து காலை மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள் நம் பங்கில் எத்தனையோ பேர். அவர்கள் வீட்டில் வாசிப்பையும் செபத்தையும் முடித்துவிட்டு, வண்டி கொளவாய் ஏரிக்கரையைக் கடக்கும்போது அந்தச் சொல்லை ஒருமுறை மனத்துக்குள் சொல்லலாம். நற்செய்தியில் நாம் கேட்டதும் ஓர் ஏரிதானே. ரயிலிலேயே முழு வாசிப்பையும் வைத்துக்கொள்வது தொடங்குகிறவர்களுக்கு உதவாது. கூட்டத்தில் வாசிப்பு நடக்கும், நிற்பது நடக்காது.

அன்பார்ந்தவர்களே, இந்த முறையில் தொடங்குகிறவர்களுக்கு மூன்று தவறுகள் நேருகின்றன. அவற்றை எப்படி அடையாளம் காண்பது என்று தெரிந்துகொள்வோம்.

முதலாவது, அடுத்தவருக்காக வாசிப்பது. ‘இது என் மருமகளுக்கு நன்றாகப் பொருந்தும்’, ‘இதை ஞாயிற்றுக்கிழமை அன்பியத்தில் சொல்ல வேண்டும்’ என்று தோன்றும். மறையுரை ஆற்றுகிற எங்களைப் போன்றவர்களுக்கு இந்தச் சோதனை மற்றவர்களைவிட அதிகம். அடையாளம் எளிது. உங்கள் தியானத்தில் ‘அவர்கள்’ என்ற சொல் அடிக்கடி வந்தால், நீங்கள் வேறொருவருடைய வலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பகுதிக்குத் திரும்பி, ‘நான்’ என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள்.

இரண்டாவது தவறுதான் பெரிய தீங்கு செய்யக்கூடியது. வசனத்தைக் குறி கேட்பதற்குப் பயன்படுத்துவது. கடன் வாங்கிப் புதுப் படகு எடுக்கலாமா என்று குழம்பிக்கொண்டிருக்கிற ஒருவர், கண்ணை மூடி விவிலியத்தைத் திறக்கிறார். இந்தப் பகுதி வருகிறது. ஆழத்துக்குப் போ என்று கடவுளே சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொண்டு, வட்டிக்கு வாங்கிவிடுகிறார். பகுதி அதைச் சொல்லவில்லை. சீமோனிடம் இயேசு எந்தக் கடனையும் பற்றிப் பேசவில்லை. இருந்த படகில், இருந்த வலையோடு போகச் சொன்னார். கடனுக்குக் கணக்குப் பார்க்க வேண்டும், வீட்டில் பேச வேண்டும், தொழில் தெரிந்தவரைக் கேட்க வேண்டும். அந்த முடிவை எடுக்கிறபோது பயமோ பேராசையோ நம்மைத் தள்ளுகிறதா என்பதை இந்தச் செபம் காட்டலாம். எவ்வளவு வாங்கலாம் என்பதை இது சொல்லாது. அதனால்தான் பகுதியைத் திறந்த பக்கத்தில் தேடாமல், முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது. முந்தின இரவே நாளைய பகுதியைக் குறித்து வைத்துவிடுங்கள்.

பகுதியை எங்கிருந்து எடுப்பது? இரண்டு வழிகள் உண்டு. திருவழிபாட்டு நாள்காட்டியில் அன்றைய நற்செய்தி வாசகம் இருக்கும். அது நீளமாக இருந்தால் ஐந்தாறு வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் மாற்கு நற்செய்தியை முதலிலிருந்து தொடர்ச்சியாக வாசிக்கலாம். பதினாறே அதிகாரம். நாளுக்கு ஆறு வசனம் என்று போனால் ஏறத்தாழ நான்கு மாதத்தில் முடியும். முடிக்க வேண்டும் என்ற அவசரமும் இல்லை. ஒரு பகுதி முடியாமல் நின்றால் அடுத்த நாளும் அதையே வாசிக்கலாம். நாம் இன்று எடுத்த லூக்காவின் ஐந்து வசனத்தை இந்த வாரம் முழுவதும் வைத்துக்கொண்டாலும் தீராது.

மூன்றாவது, ஒன்றும் தோன்றாத நாளில் விட்டுவிடுவது. பத்து நாள் நன்றாகப் போகும். பதினோராம் நாள் வசனம் வெறும் எழுத்தாக இருக்கும், மனம் கல்லாக இருக்கும், தூக்கம் வரும். தூக்கம் என்றால் அது உடம்பின் கணக்கு, முந்தின இரவு சீக்கிரம் படுக்க வேண்டும். வறட்சி என்றால் வேறு. அந்த நாளில் புதிய உணர்வைப் பிழிந்தெடுக்க முயல வேண்டாம், வேறு இனிமையான வசனத்தைத் தேடி ஓடவும் வேண்டாம். குறித்த இருபது நிமிடமும் அங்கே இருங்கள். மூன்று தடவை வாசித்து, ‘ஆண்டவரே, இன்றைக்கு ஒன்றும் அகப்படவில்லை’ என்று சொல்லி எழுந்திருங்கள். அது தோற்றுப்போன செபம் அல்ல. அதுவே சீமோனுடைய வாயிலிருந்து வந்த ஐந்தாம் வசனத்தின் முதல் பாதி. இரண்டாம் பாதி, மறுநாள் அதே நேரத்தில் விவிலியத்தைத் திறப்பதுதான்.

கோவளத்தில் நம் மக்கள் கார்மேல் அன்னையின் பெயரில் கூடுகிறார்கள். அந்த கார்மேல் மலையில் வாழ்ந்த துறவியருக்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எருசலேமின் முதுபெரும் தந்தை புனித ஆல்பர்ட் ஓர் ஒழுங்கை எழுதிக் கொடுத்தார். ஒவ்வொருவரும் தம் அறையிலோ அதன் பக்கத்திலோ இருந்து, இரவும் பகலும் ஆண்டவரின் திருச்சட்டத்தைத் தியானிக்க வேண்டும் என்பது அதன் நடுநாயகமான கட்டளை. நமக்குத் தனி அறை இல்லை. அடுப்படி இருக்கிறது, திண்ணை இருக்கிறது, படகு நிற்கிற மணல் இருக்கிறது. அவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, தினமும் அதே இடத்தில் உட்காருவோம். இடம் மாறாமல் இருந்தால், உட்கார்ந்ததும் மனம் பழகிய வேலைக்குத் தானாக வரும்.

இன்றிரவே லூக்கா ஐந்தாம் அதிகாரத்தில் ஓர் அடையாளத் தாளை வைத்துவிடுங்கள். நாளைக் காலையில் ஐந்து வசனம் வாசியுங்கள். ஆறாம் வசனத்துக்கு முன்னால் நிறுத்துங்கள். வலையில் மீன் வருமா வராதா என்று தெரியாத அந்த மனிதரோடு கொஞ்ச நேரம் படகில் இருங்கள்.

செபிப்போமாக. ஆண்டவராகிய இயேசுவே, காலியாக நின்ற படகைக் கேட்டு ஏறினீர். எங்கள் காலை நேரத்தில் இருபது நிமிடத்தை உமக்குக் காலியாக விடுகிறோம். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளச் சொல்லும், தள்ளுகிறோம். நீர் பேசி முடிக்கும்வரை எழுந்து போகாமல் இருக்க எங்களுக்குப் பொறுமை தாரும். கடலுக்குப் போயிருக்கிற எங்கள் மக்கள் அனைவரையும் பத்திரமாகக் கரை சேரும். ஆமென்.